குரல் நாண்: ஒரு படம் எவ்வளவு சொல்லும்?

தொண்டைக்குள் ஸ்கோப் விட்டுப் பார்த்த பிறகு இ.என்.டி. மருத்துவர் தரும் ரிப்போர்ட்டில் இரண்டோ நான்கோ வண்ணப் படங்கள் இருக்கும். கீழே ஓரிரு வரிகள். ‘குரல் நாண்கள் இயல்பாக உள்ளன’ என்று ஒருவருக்கு, ‘இரு நாண்களிலும் முடிச்சு’ என்று இன்னொருவருக்கு, ‘இடது நாண் செயலிழப்பு’ என்று மற்றொருவருக்கு எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து குடும்பமே அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் சிவப்பும் வெளுப்பும் தவிர எதுவும் பிடிபடாது. அதனால் எல்லோரும் கீழே உள்ள வரியையே நம்புகிறோம்.

மூன்று வரிகளும் ஒரே வகையான தீர்ப்பு போலத் தெரிகின்றன. ஆனால் அவை ஒரே வகை அல்ல. முடிச்சு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு வடிவம். செயலிழப்பு என்பது வடிவம் அல்ல, அசைவு இல்லாத நிலை. நின்றுபோன ஒரு படத்தில் எல்லாமே அசையாமல்தான் இருக்கும். அப்படியிருக்க ஒற்றைப் படத்தைப் பார்த்து ஒரு நாண் செயலிழந்துவிட்டது என்று எப்படி எழுத முடியும்? எழுதலாம், ஆனால் சில நிபந்தனைகளோடு. அந்த நிபந்தனைகள் நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

குரல்வளைக்குள் குறுக்காக, முன்னிருந்து பின்னாக, இரண்டு மடிப்புகள் கிடக்கின்றன. அவைதான் குரல் நாண்கள். ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். முன்பக்கம் இரண்டும் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கும். பின்பக்கம் ஒவ்வொன்றும் அரிட்டினாய்டு என்ற சிறு குருத்தெலும்பில் ஒட்டியிருக்கும். அந்தக் குருத்தெலும்பு திரும்பினால் நாணும் சேர்ந்து நகரும். மூச்சு இழுக்கும்போது பின்முனைகள் விலகி, நடுவில் முக்கோணமான வழி திறக்கும். பேசும்போது அவை நெருங்கி அந்த வழியை மூடும். நுரையீரலிலிருந்து வரும் காற்று மூடிய விளிம்புகளை அதிரவைக்கும். ஆணின் சாதாரணப் பேச்சில் நொடிக்கு ஏறக்குறைய நூறு முறைக்கு மேலும், பெண்ணின் பேச்சில் இருநூறு முறையை ஒட்டியும் அவை அதிர்கின்றன.

உயிருள்ள மனிதரின் குரல் நாண் பேசும்போது எப்படி இயங்குகிறது என்று முறையாகப் பார்த்து எழுதியவர் மருத்துவர் அல்லர், மனுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பி, தன் நாண்களைத் தானே பார்த்தார். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதைச் சமர்ப்பித்தார். பாடும்போது என்ன நடக்கிறது என்பதே அவர் கேள்வி. அதாவது குரல்வளையை உள்ளே பார்க்கும் இந்தக் கலை அசைவைப் பார்ப்பதற்காகவே பிறந்தது. நிழற்படம் பின்னால் வந்து சேர்ந்தது.

இன்று இதற்கு இரண்டு வகை ஸ்கோப்கள் உண்டு. ஒன்று, மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் குழாய். மூக்கில் மரத்துப்போகும் மருந்து விட்டு அதன் வழியாகச் செலுத்துவார்கள். நோயாளி இயல்பாகப் பேசலாம், விழுங்கலாம், பாடவும் பாடலாம். மற்றொன்று வளையாத உலோகக் குழாய். நாக்கைப் பஞ்சுத்துணியால் பிடித்து வெளியே இழுத்து, வாய் வழியாகச் செலுத்துவார்கள். படம் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் நாக்கு பிடிபட்டிருப்பதால் இயல்பாகப் பேச முடியாது. எந்த வகையானாலும் மருத்துவர் சொல்வது ஒன்றுதான்: “நல்லா மூச்சு இழுங்க… இப்ப ‘ஈஈ’ன்னு சொல்லுங்க.” ‘ஆ’ என்று சொல்லும்போது நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து வழியை மறைக்கும். ‘ஈ’ சொல்லும்போது அது முன்னே போய், குரல்வளை மூடியும் விலகிக்கொடுக்கும்.

இந்த இரண்டு நிலைகளிலும் எடுத்த படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டுக்குப் பொருள் உண்டு. மூச்சு இழுக்கும் படம் நாண்கள் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும். ‘ஈ’ படம் எவ்வளவு சேர்கின்றன என்று காட்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் பாதிக் கேள்விக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

இயல்பான நாண்களின் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள சவ்வு முழுக்க இளஞ்சிவப்பாக இருக்க, நடுவில் இரண்டு வெண்ணிற நாடாக்கள் தெரியும். நாண்களின் மேல்தோல் வேறு வகை, அதன் அடியில் ரத்தக் குழாய்கள் குறைவு. அதனால்தான் அந்த வெண்மை. உள்விளிம்பு இரண்டும் நேராக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். நாண்களுக்கு மேலே இருபுறமும் தடித்த சிவந்த மடிப்புகள் தெரியும். அவை போலிக் குரல் நாண்கள். முதன்முறை படத்தைப் பார்ப்பவர்கள் இவற்றைத்தான் நாண் என்று நினைத்து, ‘இவ்வளவு சிவந்து வீங்கிக் கிடக்கிறதே’ என்று பயப்படுவார்கள். அவை அப்படித்தான் இருக்கும்.

பெண்களுக்கு ‘ஈ’ படத்தில் நாண்கள் முழுக்கச் சேர்ந்திருந்தும் பின்முனையில் சிறு இடைவெளி தெரிவது மிகச் சாதாரணம். அதை நோய் என்று எழுதிவிடக் கூடாது. அதேபோல நாண் லேசாகச் சிவந்து தெரிந்தால் அழற்சி என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. கேமராவில் வெள்ளை நிறத்தைச் சரிசெய்யாமல் எடுத்த படத்தில் எல்லாமே சிவக்கும். ஸ்கோப் மிக அருகில் போனால் வெளிச்சம் பட்டு எல்லாமே வெளுத்துப்போகும். நாணின் நிறத்தைத் தனியாகப் பார்க்காமல் சுற்றியுள்ள சவ்வோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

படம் இயல்பாக இருந்தும் குரல் கம்மியே இருப்பவர்கள் உண்டு. ‘படத்தில் ஒன்றுமில்லை, உங்களுக்கு மனசுதான் காரணம்’ என்று சிலரிடம் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன்; அது எனக்கு வருத்தம் தருகிறது. நாணின் மேல்தோலுக்கு அடியில் தழும்பு விழுந்து விறைத்திருந்தால் சாதாரணப் படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். நொடிக்கு இருநூறு முறை அதிரும் விளிம்பை நொடிக்கு முப்பது படம் எடுக்கும் கேமரா எப்படிப் பிடிக்கும்? அதற்கு ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்ற முறை இருக்கிறது. நாண் அதிரும் வேகத்துக்கு மிக அருகில், ஆனால் கொஞ்சம் வேறுபட்ட வேகத்தில் விளக்கை மின்ன வைப்பார்கள். அப்போது அதிர்வு மெதுவாக நடப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். விறைத்த இடம் அலை எழும்பாமல் நிற்பதை அதில் காணலாம். ஆகவே சாதாரணப் படத்தின் கீழே ‘இயல்பு’ என்று எழுதினால், அது வடிவமும் நிறமும் இயல்பு என்ற அளவுக்குத்தான் பொருந்தும்.

அடுத்தது முடிச்சு. எங்கள் பிரிவுக்கு அடிக்கடி வரும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: முப்பத்தைந்து வயதுத் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஐம்பது பிள்ளைகள் உள்ள வகுப்பு. காலையில் குரல் சுமாராக இருக்கும், மதியத்துக்குள் கரகரக்கும், மாலையில் காற்றாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தேறும். மூச்சு இழுக்கும் படத்தில் இரு நாண்களும் நன்றாக விலகியிருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும், முன்முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், ஒரு சிறு மேடு. இரண்டும் நேருக்கு நேர். ‘ஈ’ படத்தில் அந்த மேடுகள் முதலில் முட்டிக்கொள்ள, அதற்கு முன்னும் பின்னும் நாண்கள் சேராமல் நிற்கின்றன. இடைவெளி உடுக்கையின் வடிவில் இருக்கும். அந்த இரண்டு இடைவெளிகள் வழியாக ஒழுகும் காற்றுதான் அவருடைய குரலில் கேட்கும் காற்றொலி.

ஏன் அந்த இடத்தில்? நாணின் பின் மூன்றில் ஒரு பங்கு ஏறக்குறையக் குருத்தெலும்பு, அது அதிராது. அதிரும் பகுதி முன்னே உள்ள மூன்றில் இரண்டு பங்கு. அதன் நடுப்புள்ளியில்தான் நாண்கள் அதிக வேகத்தோடு மோதிக்கொள்கின்றன. நாள்தோறும் உரக்கப் பேசினால் அந்தப் புள்ளியில் முதலில் நீர் கோத்து மெத்தென்று வீங்கும், நாளடைவில் தடித்துக் கெட்டிப்படும். இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று மோதுவதால் முடிச்சும் இரண்டு பக்கமும் வரும். ஆசிரியைகள், பாடகிகள், ஓயாமல் கத்தி விளையாடும் பள்ளிச் சிறுவர்கள் ஆகியோரிடம் இதை அதிகம் பார்க்கிறோம்.

இந்த ‘இரண்டு பக்கமும், ஒரே இடத்தில்’ என்பது மிக முக்கியமான அடையாளம். ஒரு பக்கம் மட்டும் மேடு இருந்தால் ‘முடிச்சு’ என்று எழுதும் கை தயங்க வேண்டும். அது பாலிப்பாக இருக்கலாம், தோலுக்கடியில் புதைந்த நீர்க்கட்டியாக இருக்கலாம். நீர்க்கட்டி இன்னும் கொஞ்சம் ஏமாற்றும்: ஒரு நாணில் கட்டி இருக்க, அது எதிர் நாணில் இடித்து இடித்து அங்கேயும் தடிப்பை உண்டாக்கிவிடும். படத்தில் இரண்டு பக்கமும் மேடு தெரியும், ஆனால் ஒன்று பெரிது, மற்றது சிறிது. முடிச்சுக்குப் பேச்சுப் பயிற்சிதான் முதல் வைத்தியம். நீர்க்கட்டி பெரும்பாலும் பயிற்சியால் கரையாது. எனவே இரு மேடுகளும் ஒரே அளவா என்று ரிப்போர்ட்டில் எழுதுவது வெறும் வர்ணனை அல்ல, வைத்தியத்தையே மாற்றும் செய்தி. மேடு முரடாகவோ புண்ணாகவோ வெள்ளைப் படலத்தோடோ இருந்தால், அதுவும் புகைபிடிப்பவரிடம் இருந்தால், அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, பார்த்ததை அப்படியே எழுதி, சதை எடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

முடிச்சு என்று தவறாக எழுதவைக்கும் இன்னொன்று சளி. மோதும் புள்ளியில்தான் சளித்துளியும் ஒட்டி நிற்கும். படத்தில் அது பளபளக்கும் மேடுபோலவே விழும். “டீச்சர், ஒருதடவை எச்சில் முழுங்கிட்டு மறுபடி ‘ஈ’ சொல்லுங்க” என்று சொல்லி இன்னொரு படம் எடுத்தால் விடை தெரிந்துவிடும். சளி இடம் மாறும், முடிச்சு மாறாது.

அந்த ஆசிரியைக்குச் சில வாரப் பேச்சுப் பயிற்சி, போதிய தண்ணீர், வகுப்பில் கத்தாமல் பாடம் நடத்த ஒரு சின்ன மைக் ஆகியவற்றோடு வைத்தியம் தொடங்கும். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே ஸ்கோப்பால், அதே தூரத்தில், அதே ‘ஈ’யில் இன்னொரு படம் எடுப்போம். அப்படி எடுத்தால்தான் பழைய படத்தோடு ஒப்பிட முடியும். இருபது மில்லிமீட்டருக்கும் குறைவான நாணில் ஸ்கோப் கொஞ்சம் அருகே போனாலும் முடிச்சு வளர்ந்துவிட்டதுபோலத் தெரியும்.

இனி, கடினமான மூன்றாவது சொல். ஐம்பத்தெட்டு வயதான ஒருவர், பல ஆண்டுகளாகப் பீடி பிடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரமாகக் குரல் காற்றாக வருகிறது. உரக்கக் கூப்பிட முடியவில்லை. ஒரு வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது.

மூச்சு இழுக்கும் படத்தில் வலது நாண் நன்றாக விலகியிருக்கிறது. இடது நாண் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. முக்கோணம் ஒருபக்கமாக ஒடுங்கியிருக்கிறது. ‘ஈ’ படத்தில் வலது நாண் நடுவுக்கு வந்துவிட்டது, நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டியும் போயிருக்கிறது. இடது நாண் முதல் படத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே. இரண்டுக்கும் நடுவே நீண்ட ஒரு சந்து. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று இடம் மாறியிருப்பதும் மற்றது மாறாததும் கண்ணுக்குத் தெரிகிறது. அசைவின்மையைப் படத்திலிருந்து ஊகிக்க இருக்கும் ஒரே நேரடி வழி இந்த ஒப்பீடுதான்.

துணைச் சான்றுகள் சில உண்டு. இடது நாணின் உள்விளிம்பு நேராக இல்லாமல் வெளிப்பக்கமாக வளைந்து, நாண் மெலிந்து தெரிகிறது. நரம்பின் தூண்டுதல் நின்றதால் தசை சுருங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்து அரிட்டினாய்டு முன்னே சரிந்திருக்கிறது. நாணுக்கு வெளியே, உணவு இறங்கும் வழியில் உள்ள இடது பள்ளத்தில் எச்சில் தேங்கியிருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து இருந்தால் சந்தேகம் வலுப்படும். ஆனால் இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் ஒற்றைப் படத்தில் பார்த்துவிட்டுச் செயலிழப்பு என்று எழுதுவது தவறு. ஸ்கோப் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் நல்ல நாண்கூட நடுவில் நிற்பதுபோலத் தெரியும். விழுங்கி முடிக்கும் நொடியிலோ இருமலுக்கு முந்திய நொடியிலோ படம் விழுந்துவிட்டால் இரு பக்கமும் ஒத்துப்போகாது.

ஆகவே படம் சந்தேகத்தைச் சொன்னால் வீடியோ அதை உறுதிசெய்ய வேண்டும். “‘ஈ’ன்னு சொல்லுங்க, மூக்கால வேகமா ஒரு இழுப்பு இழுங்க, மறுபடி ‘ஈ’” என்று மூன்று நான்கு முறை மாற்றி மாற்றிச் செய்யச் சொல்வோம். மூக்கால் உறிஞ்சும் அந்த நொடியில் நல்ல நாண் சட்டென்று முழுக்க விலகும். பலவீனமாக ஆனால் கொஞ்சம் அசையும் நாணும், அறவே அசையாத நாணும் அங்கேதான் பிரியும்.

வீடியோவில் அசைவு இல்லை என்று உறுதியான பிறகும் ‘செயலிழப்பு’ என்ற சொல்லில் ஒரு கூடுதல் கூற்று ஒளிந்திருக்கிறது: நரம்புதான் காரணம் என்பது. நரம்பு நன்றாக இருந்தும், அரிட்டினாய்டு உட்கார்ந்திருக்கும் மூட்டு இறுகிப்போனால் நாண் அசையாது. முடக்குவாதம் உள்ளவர்களுக்கும், செயற்கை சுவாசக் குழாய் நீண்டநாள் தொண்டையில் இருந்தவர்களுக்கும் இப்படி நேரலாம். இரண்டுக்கும் படம் ஏறக்குறைய ஒன்றுதான். மயக்க நிலையில் அந்தக் குருத்தெலும்பைத் தொட்டு அசைத்துப் பார்த்தோ, குரல்வளைத் தசையின் மின்துடிப்பைப் பதிவுசெய்தோதான் பிரித்தறிய முடியும். அதனால் கவனமான மருத்துவர் முதல் ரிப்போர்ட்டில் ‘இடது நாண் அசையவில்லை’ என்று எழுதுவார். காரணம் தெரிந்த பிறகே ‘நரம்புச் செயலிழப்பு’ என்பார். முன்னது பார்த்தது, பின்னது முடிவு.

நம் பீடிக்காரருக்கு அந்த முடிவைத் தேடித்தான் அடுத்த அடி வைக்கிறோம், அதுவும் தொண்டையில் அல்ல, மார்பில். இடது நாணை இயக்கும் நரம்பு மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவை அடியில் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகிறது. வலது நரம்பு அவ்வளவு தூரம் இறங்குவதில்லை. காறையெலும்புக்கு அடியிலுள்ள தமனியைச் சுற்றித் திரும்பிவிடும். நீண்ட வழி போவதால் இடது நரம்பு வழியில் எங்கே வேண்டுமானாலும் நசுங்கலாம். நுரையீரல் கட்டி, காசநோயால் வீங்கிய நிணநீர்ச் சுரப்பி, உணவுக்குழல் புற்று எதுவும் காரணமாகலாம். இதயத்தின் இடது மேலறை வீங்கியதாலும் குரல் போகும் என்று நார்பர்ட் ஓர்ட்னர் 1897இலேயே எழுதினார். எனவே தைராய்டு அறுவை போன்ற வெளிப்படையான காரணம் இல்லாவிட்டால், மண்டையோட்டின் அடியிலிருந்து மார்பு வரை, நரம்பு போகும் வழி முழுக்க சி.டி. ஸ்கேன் எடுப்போம். இவருடைய ஸ்கேனில் இடது நுரையீரலின் வேர்ப்பகுதியில் ஒரு கட்டி தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுத்திணறலோ ரத்தச் சளியோ வருவதற்கு முன்பே அதைக் காட்டிக்கொடுத்தது குரல்தான். கம்மல் மூன்று நான்கு வாரம் தாண்டினால் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

ஸ்கேன் கேட்கும்போது பக்கத்தைத் தவறாக எழுதிவிட்டால் எல்லாமே தடம் மாறும். இங்கே படம் வைக்கும் பொறி ஒன்று இருக்கிறது. சில மருத்துவமனைகளில் படத்தைக் குரல்வளை மூடி மேலே வரும்படி வைப்பார்கள், சிலவற்றில் கீழே வரும்படி. கேமரா வழியாக எடுத்த படத்தில் மூடி மேலே இருந்தால் நோயாளியின் இடப்பக்கம் படத்தின் இடப்பக்கமே. மூடி கீழே இருந்தால் அவருடைய இடப்பக்கம் படத்தின் வலப்பக்கம். கார்சியா காலத்துக் கண்ணாடியில் பார்த்தால் இந்தக் கணக்கு வேறு. ஆகையால் படத்தில் முதலில் தேட வேண்டியது மூடியைத்தான். நாண்கள் சேரும் முன்புள்ளி எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கும். பயிற்சி மருத்துவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, படத்தின் மேலேயே ‘நோயாளியின் இடது’ என்று எழுதிவிடுங்கள் என்பதுதான்.

இரண்டு நாண்களும் அசையாத நிலை இதைவிட ஆபத்தானது, ஆனால் படம் அதைவிட சாதுவாக இருக்கும். இரண்டும் நடுக்கோட்டை ஒட்டி நிற்பதால் ‘ஈ’ படம் மிக அழகாக மூடியிருக்கும், குரலும் ஏறக்குறைய நன்றாக இருக்கும். அந்த ஒரு படத்தை மட்டும் பார்ப்பவர் இயல்பு என்றே எழுதிவிடுவார். மூச்சு இழுக்கும் படத்தில்தான் முக்கோணம் திறக்கவே இல்லை என்பது தெரியும். அப்படிப்பட்டவர் மாடிப்படி ஏறினால் ஊளைபோன்ற ஒலியோடு மூச்சு வாங்குவார். சாதாரணச் சளிக்காய்ச்சல்கூட அவருக்கு உயிர்ப் பிரச்சினையாகலாம். கழுத்துச் சுரப்பி அறுவைக்கு முன்னும் பின்னும் இரண்டு நிலைகளிலும் படம் எடுத்து வைப்பது இதற்காகவே.

பீடிக்காரருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை தனியே நடக்கும். அதற்கிடையில் புரையேறாமல் சாப்பிடவும், வீட்டாரோடு பேசவும் அவருக்கு உதவி வேண்டும். அசையாத இடது நாணுக்குள் ஊசி வழியாகக் கூழ் போன்ற ஒரு பொருளைச் செலுத்தி, அதைப் பருமனாக்கி நடுவுக்குத் தள்ளுவோம். வலது நாண் வந்து அதைத் தொட்டுவிடும். அந்தப் பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும். தேவைப்பட்டால் மறுபடி செலுத்தலாம். நரம்பு மீளவே மீளாது என்று தெரிந்தால் கழுத்தில் சிறு கீறலிட்டு, குருத்தெலும்பில் ஜன்னல் திறந்து, நிரந்தரமான ஓர் அடைப்பை வைக்கும் அறுவை உண்டு. ஜப்பானின் நோபுஹிகோ இஷிகி 1970களில் வகுத்த முறை அது. நரம்பு தானாக மீளும் வாய்ப்பு இருப்பவர்களுக்கு அந்த அறுவையை அவசரப்படுத்தாமல் ஆறு மாதமோ ஓராண்டோ காத்திருப்பது வழக்கம்.

ஊசி போட்ட பின் எடுக்கும் ‘ஈ’ படத்தில் சந்து மறைந்திருக்கும். இடது நாண் தடித்து, நேராகத் தெரியும். முன்கதை தெரியாத ஒருவர் அதை இயல்பு என்றோ, வீக்கம் என்றோ எழுதிவிடலாம். மூச்சு இழுக்கும் படத்தில் அது இன்னும் நகராமல்தான் நிற்கும். அதனால் அவருடைய ரிப்போர்ட்டில் இப்படி எழுதுவோம்: ‘இடது நாண் நடுக்கோட்டில், அசைவில்லை. ஊசிக்குப் பின் முழுமையாக மூடுகிறது. வலது நாண் வடிவிலும் அசைவிலும் இயல்பு.’ கீழே தேதியும், எந்த ஸ்கோப் என்பதும், வீடியோ எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும்.